குடோன் வாடகைக்கு: தரை எவ்வளவு தாங்கும்?

சூளகிரி பக்கம் ஒரு விவசாயி, புளியும் கேழ்வரகும் அடுக்கக் கட்டிய தகரக் கொட்டகையை வாடகைக்கு விட நினைத்தார். ஓசூர் கம்பெனிகளுக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர்களுக்கும் சரக்கு வைக்க இடம் தேவைப்படுகிறதே என்ற கணக்கு. '3,000 சதுர அடி, 22 அடி உயரம், நல்ல தரை' என்று போர்டு எழுதி வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்து வந்த குடோன் மேனேஜர்தான் விஷயத்தைச் சொன்னார். 22 அடி என்பது கூரை முகட்டின் உயரம். சரக்கு அடுக்க உதவும் உயரம், தரையிலிருந்து டிரஸ்ஸின் அடிக்கம்பி வரைதான். டேப் பிடித்துப் பார்த்தால் பதினாலரை அடி. ஐந்தடி பேலட்டை மூன்றாக அடுக்க முடியாது, இரண்டுதான். லைட்டும் கிணற்று மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து இழுத்தது. அதைக் குடோனுக்குப் பயன்படுத்தக் கூடாது, தனி இணைப்பு வாங்க வேண்டும்.

பிறகு தரை. "எத்தனை டன் தாங்கும்ணா?" என்று கேட்டார். "பத்து டன் லாரியே உள்ள வந்து நின்னிருக்கு" என்றார் விவசாயி. அது பதில் இல்லை. லாரியின் எடை பல சக்கரங்களில் பிரிகிறது. 1.2 மீட்டருக்கு 1 மீட்டர் பேலட்டில் ஒரு டன் வீதம் இரண்டு அடுக்கினால், சதுர மீட்டருக்குச் சுமார் 1.7 டன், அதுவும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் இன்னும் மோசம். மூன்று டன் தூக்கும் வண்டியே நாலு டன்னுக்கு மேல் இருக்கும். சரக்கோடு ஏழு டன்னைத் தாண்டும். அதில் பெரும்பங்கு முன்சக்கரம் இரண்டில்தான் இறங்கும்.

அவர் தரை நாலு அங்குலக் கான்கிரீட், உள்ளே கம்பி இல்லை. வடக்கு மூலை பள்ளத்தில் மண் கொட்டி நிரப்பிய இடம். சுத்தியலால் தட்டினால் மற்ற இடத்தில் 'டக்'கென்று கேட்கும், அந்த மூலையில் பானையைத் தட்டியது போல. அடியில் மண் அமுங்கி வெற்றிடம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே சிமென்ட் பூசி மறைக்கலாம்தான். ஆறு மாதத்தில் தரை உள்வாங்கினால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த மூலையை உடைத்து, மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, மறுபடி கான்கிரீட் போட்டார். போர்டையும் மாற்றினார்: 'அடுக்கும் உயரம் பதினாலரை அடி. தரை 4 அங்குலம், கம்பி இல்லை. ஃபோர்க்லிஃப்ட் கூடாது, கைவண்டி மட்டும். தனி த்ரீ பேஸ் இணைப்பு. திண்ணை 2 அடி. லாரி தளத்துக்கு இன்னும் 2 அடி தூக்கி ஏற்ற வேண்டும். பெரிய கன்டெய்னர் திரும்பாது.'

இப்போது அங்கே காலி அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். மினி லாரியில் வருகிறது, ஆட்களே இறக்குகிறார்கள். வாடகை அவர் முதலில் நினைத்ததைவிடக் குறைவுதான்.