72வது நிமிடம்

2024 ஏப்ரல் 14. இத்தாலியின் உதினே நகரில் உதினேசேயும் ரோமாவும் ஆடிக்கொண்டிருந்தன. 23வது நிமிடத்தில் உதினேசேவின் பெரேய்ரா கோல் போட்டார். 64வது நிமிடத்தில் லுகாகு சமன் செய்தார். 72வது நிமிடத்தில் ரோமாவின் தற்காப்பு வீரர் இந்திகா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று எல்லோரும் பயந்தார்கள். பயிற்றுநர் டி ரோஸி உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் ஆட்கள் தொடர்ந்து ஆடும் நிலையில் இல்லை என்று நடுவரிடம் சொன்னார். ஆட்டம் நின்றது. (மாரடைப்பு இல்லை. அடிபட்டதில் நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று சேர்ந்திருந்தது. பிழைத்துக்கொண்டார்.)

இத்தாலிய லீக்கில் இப்படி நிற்கும் ஆட்டத்தை நின்ற நிமிடத்திலிருந்தே தொடர்வார்கள். ஏப்ரல் 25ஆம் தேதி இரண்டு அணியும் திரும்ப வந்து மிச்ச நிமிடங்களை மட்டும் ஆடின. கடைசி விசில் ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் கிரிஸ்தாந்தே தலையால் முட்டி கோல் போட்டார். ரோமா 2-1.

அன்றைக்குத்தான் மாமா எனக்கு போன் செய்தார். “ரோமா ஜெயிச்சிருச்சுல்ல? அப்ப என் காசு எங்கடா?”

மாமா வாரம் ஒருமுறை சட்டப்படி நடக்கும் கவுண்டரில் பந்தயம் கட்டுகிறவர். பெரிய தொகை இல்லை. மூன்று ஆட்டங்களை ஒரே சீட்டில் சேர்த்து 50 வெள்ளி வைத்திருந்தார். ரோமா வெல்லும், விகிதம் 2.00. மற்ற இரண்டும் 1.50, 1.60. மூன்றும் சரியாக வந்தால் 2.00 × 1.50 × 1.60, அதாவது 4.80 மடங்கு. 240 வெள்ளி. மற்ற இரண்டு ஆட்டங்களும் அவர் சொன்னபடியே முடிந்திருந்தன. கையில் கொடுத்தது 120. நான் பொறியியல் படித்தவன் என்பதால் விதிமுறைகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. இந்தக் குடும்பத்தில் வாஷிங் மெஷின் வாரண்டியும் நான்தான் படிப்பேன்.

பந்தய விதிகளில் மூன்று சொற்கள் வரும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நாள் மாறினால் அது ஒத்திவைப்பு. தொடங்கிய பிறகு, திரும்ப ஆடலாம் என்ற எண்ணத்தோடு நிறுத்தினால் இடைநிறுத்தம். இனி இன்றைக்கு இல்லை என்று நடுவர் முடிவு செய்தால் கைவிடல். லீக் நிர்வாகத்துக்கு இந்த வேறுபாடுகள் முக்கியம். பந்தயக்காரருக்கு மூன்றும் ஒரே கேள்விதான்: விதியில் குறித்த கெடுவுக்குள் 90 நிமிடமும் ஆடி முடிந்ததா? அந்தக் கெடு சில இடங்களில் 24 மணி நேரம், சில இடங்களில் 48, சில இடங்களில் ஆட்டம் நடக்கும் ஊரின் அன்றைய நள்ளிரவு வரை. கெடுவுக்குள் முடிந்தால் பந்தயம் செல்லும். இல்லாவிட்டால் செல்லாது, வைத்த பணம் திரும்பும்.

2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் மயங்கி விழுந்தபோதும் ஆட்டம் நின்றது. ஆனால் அதே இரவே, நமக்கு அதிகாலை இரண்டரை மணிக்கு, திரும்பத் தொடங்கி முடித்துவிட்டார்கள். பின்லாந்து 1-0. நடுங்கிப்போயிருந்த டென்மார்க் அணியை நம்பிப் பணம் வைத்தவருக்கு அது நியாயமாகத் தெரிந்திருக்காது. ஆனால் கெடுவுக்குள் முடிந்துவிட்டது, அவ்ளோதான். உதினே ஆட்டத்துக்கு 11 நாள் ஆனது. எந்தக் கெடுவுக்கும் அது ரொம்பத் தூரம்.

சீட்டில் ஒரே ஒரு ஆட்டம் இருந்திருந்தால் மாமாவுக்கு 50 வெள்ளி அப்படியே திரும்பி வந்திருக்கும். கூட்டுச் சீட்டில் செல்லாமல் போன ஆட்டத்தின் விகிதம் 1.00 ஆகிவிடும். 1.00 × 1.50 × 1.60 = 2.40. ஐம்பதுக்கு 120. கணக்கு சரி. மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

“பக்கத்து வீட்டு ஆளு அதே ஆட்டத்துல முழுக்காசு வாங்கியிருக்கான்” என்றார். அதுவும் உண்மைதான். அவர் கட்டியது மொத்தம் ஒன்றரை கோலுக்கு மேல் விழும் என்று. 64வது நிமிடத்தில் இரண்டாவது கோல் விழுந்ததும் அது முடிந்த கதை. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் மாறாது. இப்படி ஏற்கெனவே தீர்மானமான பந்தயங்களை, ஆட்டம் கைவிடப்பட்டாலும் பெரும்பாலான நிறுவனங்கள் செல்லும் என்றே எடுத்துக்கொள்கின்றன. முதல் கோல் பெரேய்ரா என்று வைத்தவருக்கும் அப்படியே. ‘யார் வெல்வார்’ மட்டும் கடைசி விசில்வரை தீராது.

மாமா அப்போதுதான் சொன்னார்: “எங்க காலத்துல இப்படி இல்ல. பாதி ஆட்டம் தாண்டிருச்சா, நிக்கும்போது என்ன ஸ்கோரோ அதுக்குக் காசு.” அவர் காலம் என்றால் தொண்ணூறுகள், ஜொகூர் கோப்பிக்கடை புக்கிகள். சட்டத்துக்கு வெளியே நடந்தது. ஆனால் அவர் சொன்ன விதி உண்மை. அந்த விதிக்காகவே இங்கிலாந்தில் விளக்குகள் அணைந்திருக்கின்றன.

1997 நவம்பர் 3, வெஸ்ட் ஹாம் – கிரிஸ்டல் பேலஸ். இரண்டு கோல் பின்தங்கியிருந்த வெஸ்ட் ஹாம் 65வது நிமிடத்தில் லாம்பார்டின் கோலால் 2-2 ஆக்கியது. உடனே மைதானம் இருண்டது. டிசம்பர் 22, விம்பிள்டன் – ஆர்சனல். இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு மறுபடி இருட்டு. 0-0. இரண்டு ஆட்டமும் கைவிடப்பட்டன. இங்கிலாந்தில் பந்தயம் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. இந்தப் பக்கம் 2-2 என்றும் 0-0 என்றும் கணக்கு முடிக்கப்பட்டது. பிறகு மறுஆட்டங்களில் வெஸ்ட் ஹாம் 4-1 என்றும் ஆர்சனல் 1-0 என்றும் வென்றன. அதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லை.

ஏன் விளக்கு? மின்பொறியாளனாக எனக்கு இதுதான் சுவாரஸ்யம். அந்தக் கால மைதான விளக்குகள் மெட்டல் ஹாலைடு வகை. மின்சாரம் ஒரு நொடி போனாலும் அணைந்துவிடும். மின்சாரம் உடனே வந்தாலும் எரியாது. குழலுக்குள் சூடான வாயுவின் அழுத்தம் அதிகமாக இருப்பதால், சாதாரண இக்னைட்டர் தரும் மின்னழுத்தம் அதைத் திரும்பப் பற்றவைக்கப் போதாது. குழல் ஆற வேண்டும், அதற்குப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கும். பிறகு முழு வெளிச்சம் வர இன்னும் சில நிமிடம். அதற்குள் மறுபடி ஒருமுறை துண்டித்தால் அந்த இரவு முடிந்தது. ஆட்டக்காரரையோ நடுவரையோ விலைக்கு வாங்கினாலும் அவர் சொதப்பலாம். சுவிட்ச் சொதப்பாது. பிடித்த ஸ்கோர் வரும்வரை காத்திருந்து அழுத்தினால் போதும்.

1999 பிப்ரவரியில் சார்ல்டன் மைதானத்தில், லிவர்பூலுடனான ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, ரிமோட்டில் இயங்கும் கருவியைப் பொருத்த வந்தவர்கள் பிடிபட்டார்கள். லஞ்சத்துக்கு மசிந்த காவலாளி ஒருவர், மலேசியர் இருவர் உட்பட நால்வர் சிறை சென்றார்கள்.

இன்றைய 90 நிமிட விதியில் அந்த வித்தை பலிக்காது. விளக்கை அணைத்தால் ஜெயித்த காசு வராது, வைத்த காசு மட்டும்தான் வரும். ஆனால் தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு வைத்த காசு திரும்புவதே லாபம்தானே என்று மாமாவிடம் சொன்னேன். உதினேசே வெல்லும் என்று கட்டியவர்கள் எல்லோரும் அந்த 11 நாளால் தப்பித்தவர்கள். கிரிஸ்தாந்தேவின் கோல் அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

“அவனுங்க காசும் என் காசும் ஒண்ணாடா?” என்றார் மாமா.

விதிப்படி ஒண்ணுதான் மாமா.