முதல் வணக்கத்தில் தெரியும் ஆள்

மடு மாதா திருவிழா ஓகஸ்ட் 15. அதற்கு இரண்டு வாரம் முன்பே மன்னார், கொழும்பு பஸ்களில் ஆசனம் கிடைப்பது கடினமாகிவிடும். ஒரு தனியார் பஸ் சேவையின் முற்பதிவுத் தளத்தைப் பேசாலையில் எங்கள் வீட்டில் இருந்தபடி நான் பராமரிக்கிறேன். 2025 ஓகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு காலை ஆறு மணிக்குப் பதிவைத் திறந்தோம். ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு இரண்டு பஸ்ஸும் நிரம்பியிருந்தன. பணம் வந்ததோ ஒன்பது ஆசனங்களுக்கு மட்டும்.

எங்கள் தளத்தில் ஆசனத்தைத் தொட்டால் பணம் கட்டப் பத்து நிமிடம் அது உங்களுக்காகப் பிடித்து வைக்கப்படும். யாரோ எல்லா ஆசனங்களையும் பிடித்து, பத்து நிமிடம் முடிந்ததும் விட்டு, அடுத்த கணமே மறுபடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆசனங்கள் வெளியே கூடுதல் விலைக்குப் பேசப்பட்டதை மத்தியானம் கேள்விப்பட்டேன். ஆள் கிடைத்ததும் பொட் அந்த ஓர் ஆசனத்தை விடும். அதே விநாடியில் வாங்குபவர் பெயரில் பதிவாகும்.

இந்த வியாபாரம் புதிதல்ல. இந்திய ரயில்வேயில் தட்கல் பதிவு திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில், உள்நுழைய வரும் முயற்சிகளில் பாதி வரை பொட்டுகளுடையவை என்று 2025 ஜூனில் இந்திய அரசே சொன்னது. எங்களிடம் வந்தது அதன் மிகச் சிறிய தம்பி.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். ஐ.பி. முகவரிகளை எடுத்து எண்ணினேன். அறுநூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றோ இரண்டோ கோரிக்கைகள்தான். பெரும்பாலானவை வீட்டு இணைப்புகளின் முகவரிகள். பிறருடைய வீட்டு இணைப்புகளை வாடகைக்கு விடும் சேவைகள் இருக்கின்றன. ஒரு கோரிக்கைக்கு ஒரு முகவரி என்று மாற்றிக்கொண்டே போகலாம். இவற்றைத் தடுப்பதில் பயனில்லை. ஆபத்தும் உண்டு. நம் நாட்டுக் கைபேசி வலையமைப்புகளில் பல நூறு பேர் ஒரே வெளி முகவரியைப் பகிர்கிறார்கள். ஒன்றைப் பூட்டினால் தலைமன்னாரிலிருந்து முருங்கன் வரை எத்தனை வீட்டுக் கதவு சேர்ந்து பூட்டப்படும் என்று தெரியாது.

அடுத்ததாக, ஒவ்வொரு கோரிக்கையும் தன்னை என்ன உலாவி என்று சொல்கிறது என்று பார்த்தேன். எல்லாமே புதிய குரோம் என்றன. அது வெறும் எழுத்து வரி. எவரும் எதையும் எழுதலாம். எழுதி மாற்ற எளிதல்லாத ஒன்று அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அதுதான் டி.எல்.எஸ். கைகுலுக்கல்.

பூட்டுப் படம் போட்ட எந்தத் தளத்துக்குப் போனாலும், மறைகுறியாக்கம் தொடங்குமுன் உங்கள் பக்கத்து மென்பொருள் ஒரு முதல் வணக்கம் அனுப்புகிறது. எனக்கு இந்த டி.எல்.எஸ். பதிப்புகள் தெரியும், இந்த மறைகுறி முறைகள் தெரியும், இந்த வரிசையில் விரும்புகிறேன், இந்தக் கணித வளைவுகள் தெரியும், இன்னின்ன நீட்சிகள் வைத்திருக்கிறேன் என்று அது சொல்லும். இந்தப் பட்டியலைப் பொட் எழுதியவர் எழுதுவதில்லை. அவர் எடுத்துப் பயன்படுத்திய நூலகம் எழுதுகிறது. குரோமுக்குள் இருப்பது ஒரு நூலகம், பைத்தானுக்குக் கீழே இருப்பது வேறொன்று, கோ மொழியில் இருப்பது இன்னொன்று. முகவரி ஆயிரம் மாறினாலும் எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடுவது அதே புரோகிராம் என்றால், முதல் வணக்கமும் அதேதான்.

2017இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் மூன்று பேர் இந்தப் பட்டியலைச் சுருக்கி ஒரே கைரேகையாக்கும் முறையை வெளியிட்டார்கள். மூவரின் பெயருக்கும் முதலெழுத்து ஜே, ஏ. அதனால் அதன் பெயர் ஜே.ஏ.3. அது நீட்சிகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டது. 2023 தொடக்கத்தில் குரோம் ஒவ்வோர் இணைப்பிலும் அந்த வரிசையைக் குலுக்கிப் போடத் தொடங்கியது. ஒரே உலாவிக்கு ஒவ்வொரு தடவையும் வேறு கைரேகை! அதே ஆண்டில், அந்த மூவரில் ஒருவர் ஜே.ஏ.4ஐக் கொண்டுவந்தார்; அது பட்டியலை வரிசைப்படுத்திவிட்டுத்தான் சுருக்கும், ஆகவே குலுக்கினாலும் மாறாது. அதன் முதல் துண்டைக் கண்ணாலேயே வாசிக்கலாம். குரோமுக்கு `t13d1516h2` என்று வந்தால், டி.எல்.எஸ். 1.3, தளத்தின் பெயர் சொல்லப்பட்டது, 15 மறைகுறி முறைகள், 16 நீட்சிகள், எச்.டி.டி.பி. 2 என்று பொருள்.

எனக்கு அன்று அந்தக் கருவியை நிறுவ நேரமில்லை. எங்கள் சேர்வரில் ஓடுவது என்ஜின்எக்ஸ். இணைய இணைப்பு நேராக அதில் வந்து முடிகிறது. (இடையில் வேறொரு நிறுவனத்தின் வேகப்படுத்தும் சேவை இருந்தால் அந்த இடைச் சேர்வரின் வணக்கம்தான் கிடைக்கும், வந்தவருடையது கிடைக்காது.) என்ஜின்எக்ஸிடம் வந்தவர் சொன்ன பட்டியலை அப்படியே எழுதச் சொல்லலாம்:

```
log_format kai '$remote_addr "$ssl_ciphers" '
               '"$ssl_curves" "$http_user_agent"';
```

வணக்கமும், தான் யார் என்று அவர் பிறகு சொன்னதும் ஒரே வரியில் வந்துவிடும். அரை மணி நேரத்தில் இரண்டு வகை வரிகள் சேர்ந்தன. என் கைபேசிக் குரோமிலிருந்து வந்தது முதலாவது. அறுநூறு முகவரிகளிலிருந்தும் வந்தது இரண்டாவது. மறைகுறிப் பட்டியலின் தொடக்கம் மட்டும்:

```
0xdada:TLS_AES_128_GCM_SHA256:TLS_AES_256_GCM_SHA384:...
TLS_AES_256_GCM_SHA384:TLS_CHACHA20_POLY1305_SHA256:...
```

முதல் வரியின் தொடக்கத்தில் நிற்கும் `0xdada` ஒரு பொய்யான மறைகுறி முறை. தெரியாத ஒன்றைக் கண்டால் சேர்வர்கள் குழம்பாமல் கடந்துபோகப் பழக வேண்டும் என்பதற்காகக் குரோம் இப்படி அர்த்தமற்ற எண்ணொன்றை வேண்டுமென்றே செருகும். அந்த வழக்கத்துக்குப் பெயர் கிரீஸ். இணைப்புக்கு இணைப்பு எண் மாறும், ஆனால் ஒன்று இருந்தே தீரும். இரண்டாம் வரியில் அது இல்லை. 128க்கு முன் 256 நிற்கிறது. இது ஓபன்எஸ்.எஸ்.எல். நூலகத்தின் வழக்கமான வரிசை. பெரும்பாலும் பைத்தானில் எழுதிய ஒரு புரோகிராம், தன்னைக் குரோம் என்று அறுநூறு வீட்டு வாசலிலிருந்தும் சொல்லிக்கொண்டிருந்தது.

குரோம் என்று சொல்லி, கிரீஸ் இல்லாமல் வந்தால் ஆசனம் பிடிக்கவிடாதே என்று விதி எழுதினேன். பஸ்கள் வெறுமையாகின. மெல்ல மெல்ல மனிதர்கள் பதியத் தொடங்கினார்கள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மன்னார் பஸ் நிலையத்தடியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, விடியக் காலமையிலயிருந்து நாலு தரம் அடிச்சுப் பாத்திட்டன், உள்ளுக்கு விடுதில்ல. சனம் கடை வாசல்ல நிக்குது."

அவருடைய வரியைத் தேடினேன். உண்மையான குரோம்தான் பாவிக்கிறார், ஆனால் வணக்கம் குரோமுடையதல்ல. அவருடைய கணினியில் உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருள் எல்லா இணைப்பையும் நடுவில் வாங்கிச் சோதித்துவிட்டு, தன் சொந்த நூலகத்தால் வெளியே புதிதாகக் கைகுலுக்குகிறது. சில அலுவலகங்களில் வடிகட்டிகளும் இதையே செய்யும். அந்தக் காலையில் அவரோடு சேர்த்து எத்தனை பேரை வெளியே நிறுத்தினேனோ.

அப்பா முப்பது வருடம் கடலுக்குப் போனவர். இருட்டில் வரும் படகின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, எத்தனை குதிரைவலு, எந்தக் கொம்பனி என்று சொல்வார். யாருடைய படகு என்று நான் கேட்டால், "அதே எஞ்சின் இந்தக் கரையில நாப்பது கிடக்குது, கிட்ட வரட்டும்" என்பார். கைரேகை என்ற சொல்லை நாங்கள் தவறாக வைத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். விரலின் ரேகை ஓர் ஆளுக்கு ஒன்று. இதுவோ எஞ்சின் சத்தம். ஒரே பதிப்புக் குரோம் பாவிக்கும் எல்லோருக்கும் ஒன்றே. என்ன மென்பொருள் பேசுகிறது என்று சொல்லும். யார் பேசுகிறார் என்று சொல்லாது.

அதனால் விதியை மாற்றினேன். வணக்கமும் பெயரும் முரண்பட்டால் கதவைச் சாத்துவதில்லை. பத்து நிமிட இலவசப் பிடிப்பு மட்டும் இல்லை. பணம் கட்டினால் ஆசனம் உடனே உங்களுடையது. அக்காவுக்கு இதில் ஒன்றும் குறையாது, அவர் எப்போதும் உடனே கட்டுபவர். பிடித்து வைத்து விற்பவனுக்கோ முழு முதலும் போட வேண்டும். இன்னொன்றையும் திருத்தினேன்: `$ssl_curves` புதிய கைகுலுக்கலுக்குத்தான் நிரம்பும். முன்பு வந்த உலாவி பழைய தொடர்பைப் புதுப்பித்துக்கொண்டு வந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமையைக் கிரீஸ் இல்லை என்று எண்ணினால், அடிக்கடி வரும் நல்ல வாடிக்கையாளர்களைத்தான் முதலில் பிடிப்போம்.

நான்கு நாள் கழித்து பொட் ஓட்டியவர்கள் திரும்பி வந்தார்கள். இம்முறை வரி கிரீஸோடு தொடங்கியது, வரிசையும் சரி. குரோமின் வணக்கத்தை எழுத்துக்கு எழுத்து நடிக்கும் நூலகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் ஏமாந்திருப்பேன்; பக்கத்தில் இருந்த வளைவுப் பட்டியல் காட்டிக்கொடுத்தது. 2024 நவம்பரில் வெளியான 131ஆம் பதிப்பிலிருந்து குரோம், குவாண்டம் கணினிக்கும் தாங்கும் புதிய திறவுகோல் முறையொன்றை முதல் வணக்கத்தில் வைக்கிறது. எங்கள் லொக்கில் அது `0x11ec` என்று விழும். வந்தவர்கள் 138ஆம் பதிப்பு என்றார்கள்; `0x11ec` எங்கும் இல்லை. அவர்கள் நடித்தது பழைய குரோமை. பெயர் வரியைப் புதுப்பித்தவர் நூலகத்தைப் புதுப்பிக்க மறந்திருந்தார். ஜே.ஏ.4 மட்டும் வைத்திருந்தால் இது தப்பியிருக்கும். அது வளைவுகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. பட்டியலை முழுதாக எழுதி வைப்பது இதற்காகத்தான்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது இன்னொரு கூட்டம் வந்தது. ஒவ்வொன்றும் வேறு முகவரி, கிரீஸ் உண்டு, `0x11ec` உண்டு, படங்களும் எழுத்துருக்களும் இறக்கப்பட்டன. யாரோ உண்மையான குரோமையே திரையில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வரியையும் அம்மாவின் கைபேசியிலிருந்து வந்த வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். முகவரியையும் மாறும் அந்தக் கிரீஸ் எண்ணையும் தவிர எதுவும் வேறுபடவில்லை. அன்று மாலை எல்லோருக்கும் இலவசப் பிடிப்பை நிறுத்தி, ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு நான்கு ஆசனம் என்று வைத்துவிட்டு, லொக்கை மூடினேன்.