பட்டன் தேயாத டயரை ஏன் மாற்ற வேண்டும்?



இங்கிலாந்தில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் காரவன் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். பட்டன் 7 மில்லிமீட்டர் இருக்கிறதாம். புது டயரிலேயே ஏறக்குறைய 8 தான். அங்கே சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். "சார், டயர் புதுசு மாதிரி இருக்கு. கடைக்காரர் மாத்தச் சொல்றார். ஏமாத்துறாரா?" என்று கேட்டார். பதில் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டயரின் வயதைப் பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருப்பதும் உண்டு. அப்போது வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். அவர் படித்துச் சொன்னது 1915. அதாவது 2015-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரம், மே மாதம்.

பட்டன் ஏன் தேயவில்லை? காரவன் சக்கரத்தை எஞ்சின் சுழற்றுவதில்லை, ஸ்டியரிங் திருப்புவதில்லை. சும்மா உருண்டு வருகிறது. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் என்று வைத்தாலும் பத்து ஆண்டில் 30,000 தான். மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்கிறது.

ஆனால் நிற்கும்போதும் ரப்பருக்கு வயதாகிறது. பத்தாம் வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? ரப்பர் என்பது நீண்ட கார்பன் சங்கிலிகள். அவற்றைக் கந்தகம் ஆங்காங்கே பாலம் போட்டுப் பிணைக்கிறது. அதனால்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்குகிறது. காற்றிலுள்ள ஓசோன் மிகச் சிறிய அளவுதான் என்றாலும், இழுபட்டிருக்கும் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டும். பழைய விடைத்தாள் கட்டில் மாட்டிய ரப்பர் பேண்டு குறுக்கே வெடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். நிற்கும் டயரும் பாரத்தால் பக்கம் பிதுங்கி அப்படித்தான் இழுபட்டு நிற்கிறது.

இதைத் தடுக்க டயர் ரப்பரில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் ஓடி நெளியும்போது அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காவல் நிற்கும். ஓடாத டயரில் அந்த வரத்து குறைந்துவிடும். தினமும் ஓடும் கார் டயரை விட, நிற்கும் காரவன் டயர் சீக்கிரம் வெடிப்பு காண்பது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத கேடு உள்ளே நடக்கிறது. காரவன் டயரில் 60 பி.எஸ்.ஐ. போலக் காற்று அடைத்தால், உள்ளே ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு அழுத்தத்தில் இருக்கும். அது ரப்பருக்குள் ஊடுருவி, எஃகுக் கம்பி அடுக்குகளுக்கு இடையிலுள்ள ரப்பரை இறுக்கி, நெகிழ்வைப் பறிக்கிறது. வெயில் காலத்தில் முழுச் சுமையோடு நெடுஞ்சாலையில் ஓடும்போது, சூடேறி, அந்த அடுக்கின் ஓரத்தில் விரிசல் விட்டு, பட்டன் பகுதி பட்டையாகப் பிய்ந்து வரும். காற்று குறைவாக இருந்தால் இன்னும் சூடாகும். பின்னால் வரும் வண்டி என்பதால் ஓட்டுநருக்கு முன்கூட்டித் தெரியாமலே போகலாம்.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில், இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்து, ஓட்டுநர் உட்பட மூவர் இறந்தனர். அந்த டயருக்கு வயது 19. பட்டன் சட்ட அளவுக்குள்தான் இருந்தது. 2021 பிப்ரவரி முதல் அங்கே லாரி, பேருந்துகளின் முன் சக்கரங்களில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயர் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. காரவனுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் ஐந்து ஆண்டில் மாற்றுங்கள், ஏழைத் தாண்டாதீர்கள் என்பதே அங்குள்ள காரவன்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை.

ஆகவே கடைக்காரர் ஏமாற்றவில்லை. பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்போ புடைப்போ தெரிந்தால் அந்த டயர் கட்டாயம் போக வேண்டியதுதான். வெடிப்பே இல்லை என்றாலும், உள் அடுக்கு நன்றாக இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வெயில் படாமல் மூடி வைப்பது, காற்றைச் சரியாக வைப்பது, அவ்வப்போது சற்று நகர்த்தி நிறுத்துவது இவையெல்லாம் முதுமையைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

மாற்றும்போது ஸ்டெப்னியை மறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஒருநாள்கூட ஓடாத அதிலும் 1915 என்றே இருந்ததாம். நம் ஊரில் ஷெட்டிலேயே கார் நிற்கும் உறவினர்களே, உங்கள் ஸ்டெப்னியிலும் அந்த நான்கு இலக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.