அத்தை தேடிய வரி

அக்காவின் வரவேற்பு சிங்கப்பெருமாள் கோவிலில், ஒரகடம் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில். எங்கள் பக்கத்தில் இன்னாருக்கு இன்ன இடம் என்று எழுதிவைக்கும் வழக்கமே கிடையாது. மோர்சாதத்துக்கு வந்துவிட்டவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வதுதான் முறை. மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவர்கள் ஷிப்ட் முடிந்து வருவார்கள், அவர்களை நிற்கவைக்கக் கூடாது என்று 24 வட்ட மேசை, மேசைக்கு 10 பேர் என்று முடிவானது. வாசலில் வைக்கும் போர்டு என் பொறுப்பு.

மேசை 1, அதன் கீழே 10 பெயர், பிறகு மேசை 2 என்று ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸில் அடித்தேன். என் எக்செல் அப்படித்தான் இருந்தது. ஆனால் வருகிறவருக்கு மேசை எண் தெரியாதே, அதைத் தெரிந்துகொள்ளத்தானே போர்டுக்கே வருகிறார்! தன் பெயர் கிடைக்கும்வரை 240 பெயரையும் மேய வேண்டியதுதான். எழுத்து அரை அங்குலம். ஓர் அங்குல எழுத்தைப் பத்தடியிலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது போர்டு வேலையில் ஒரு பொதுக்கணக்கு. அரை அங்குலத்துக்கு ஐந்தடிதான். நாலு பேர் கிட்டே போய் நின்றதும் பின்னால் இருந்தவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது.

மதுராந்தகம் அத்தை முண்டியடித்து முன்னால் வந்து, "என் பேரு எங்கடா போட்டிருக்க?" என்றார். மேசை 17-இல் மாமா பெயர் போட்டு 'குடும்பம்' என்று இருந்தது. மாமா போய் நாலு வருஷம். அப்பாவின் பழைய நோட்டைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டேன். நான் காட்டுவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அத்தை சாப்பிடாமல் ரயிலுக்குக் கிளம்பியிருந்தார். அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வருஷம் தம்பி கல்யாணம், அதே மண்டபம். முதலில் அகரவரிசை என்றுதான் நினைத்தேன். நம் பெயர்களுக்கு அது சரிவராது. இனிஷியல் முன்னால் நிற்கும்; வீட்டில் குமார், பத்திரிகையில் சிவகுமார். 'ந' முன்னாலா 'ப' முன்னாலா என்று வாசலில் நின்று யோசிப்பவர்களும் உண்டு (நானும்தான்). ஆனால் தன் ஊர் தெரியாதவர் கிடையாது. அதனால் ஊர்வாரியாகப் பிரித்தேன். தம்பியின் கம்பெனி ஆட்களுக்கு மட்டும் பெயிண்ட் ஷாப், அசெம்ப்ளி என்று தலைப்பு. ஒரு வீட்டுக்கு ஒரு வரி, பெயரை ஒட்டியே மேசை எண். 240 பேர் கிட்டத்தட்ட 80 வரிக்குள் அடங்கினார்கள். வாசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு போர்டு, ஒன்றில் 40 வரி. எழுத்து ஓர் அங்குலத்துக்கு வந்தது. முழங்கால் உயரத்தில் இருப்பதை யாரும் குனிந்து படிப்பதில்லை என்பதால் கடைசி வரி இடுப்புக்கு மேலே இருக்கும்படி தூக்கிக் கட்டினோம். சொல்லாமல் கூட வருகிறவர்களுக்காகப் பெயரே போடாமல் இரண்டு மேசை கூடுதலாகப் போட்டோம். இரண்டும் நிரம்பின.

ஒவ்வொரு வரியையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

அத்தை வந்தார். மதுராந்தகம் தலைப்பின் கீழே முதல் வரியில் அவர் பெயர், அவர் பெயர் மட்டும். விரலை வைத்துப் பார்த்தார்.

"இனிஷியல் எங்கப்பாவோடத போட்டிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு ஆறாம் மேசைக்குப் போனார்.