கைவிரலுக்குத் தெரிந்ததும் கண்ணுக்குத் தெரிந்ததும்

ரொம்ப நாளா பதிவு எதுவும் போடல. வேலை ஜாஸ்தின்னு பொய் சொல்ல மாட்டேன். வேலை குறைஞ்சு போச்சு, அந்தக் கவலையில எழுத மனசு வரல.

நான் பிரம்மதேசத்துலேர்ந்து தினமும் பஸ் பிடிச்சு திண்டிவனம் போய், ஒரு அச்சகத்துல டி.டி.பி. வேலை பார்க்கிறவன். தமிழ் டைப்ரைட்டிங் முதுநிலை பாஸ் பண்ணிட்டு வந்ததால பாமினி எழுத்துரு எனக்குத் தண்ணி பட்ட பாடு. அதோட விசைகள் பழைய தட்டச்சு வரிசைதான். `jkpo;` என்று தட்டினால் தமிழ். கொம்பை முதலில் போட்டு அப்புறம் எழுத்து, `nfh` என்றால் கொ. கீபோர்டைப் பார்க்காமலே பேஜ்மேக்கரில் பக்கம் பக்கமாய் ஓட்டுவேன். மரக்காணம் பக்கத்து கல்யாணப் பத்திரிகை, உப்பள வியாபாரிகளோட பில் புக்கு, கருமாதி நோட்டீஸு எல்லாம் நம்ம கைதான்.

பேஜ்மேக்கரோட கடைசி பதிப்பு 2001-ல் வந்த 7.0. அதுக்கு யூனிகோடு தெரியாது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டப்போகூட, "அது ஆபீசுக்கு, நமக்கென்ன"ன்னு இருந்துட்டேன். 2017-ல் கூகுள் தமிழ்க் குரல் தட்டச்சு வந்துச்சு. அப்புறம் கஸ்டமர் பேப்பரில் எழுதிக் கொண்டு வர்றது குறைஞ்சுது. போன்ல பேசியே மேட்டரை வாட்சப்பில் அனுப்பிடறாங்க. அதை பேஜ்மேக்கரில் ஒட்டினா வரிசையா `?????`. மாற்றி மூலமா பாமினிக்குக் கொண்டு வந்தா, பேருக்குப் பின்னாடி இருக்கிற `B.E.,` பட்டமும் பாமினிக்குள்ள மாட்டி தமிழெழுத்துக் குப்பையாகும். அந்தக் காற்புள்ளி 'இ'யா வந்து நிற்கும், ஏன்னா பாமினியில் 'இ' அந்த விசையில்தான்!

முதலாளி இன்டிசைன் வாங்கிப் போட்டார். கூடவே ஒரு தம்பியைச் சேர்த்தார். நான் அரை மணி நேரம் அடிக்கிற பத்திரிகையை அவன் ஒட்டி, வடிவமைச்சு பத்து நிமிஷத்துல முடிச்சான். யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் பயமே. முதலாளி போன்ல மெதுவாப் பேசினாலே வயித்தைக் கலக்கும். வீட்டுல சொல்லல.

அப்பத்தான் ஒரு கோயில் கமிட்டிக்காரர், நாங்க 2004-ல் போட்ட கும்பாபிஷேக மலரை மறுபடி போடணும்னு வந்தார். நன்கொடையாளர் பட்டியலில் பேரைத் தேடினா கிடைக்கிற மாதிரி பி.டி.எஃப். வேணுமாம். என் பழைய சி.டி.யில் `.p65` கோப்பு இருந்துச்சு. இப்போதைய இன்டிசைன் அதைத் திறக்காது, சி.எஸ்.6 வரைதான் திறக்கும். தம்பி முழிச்சான். நான் பழைய கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கரைத் திறந்து, எழுத்தை எடுத்து, யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

அச்செடுத்துப் பார்த்தா எல்லாம் சரி. ஆனா 'கௌரி'ன்னு தேடினா ஒருத்தர்கூட இல்லை! பட்டியலில் ஏழெட்டு கௌரி இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். காரணம் புரிஞ்சுது. பாமினியில் 'ஔ'காரத்தோட பின்பாதிக்குத் தனி விசை இல்லை, 'ள'வையே போடுவோம். கௌரி என்பது `nfsup`. மாற்றி அதைக் கொம்பு, க, ள என்று படிச்சு 'கெளரி' ஆக்கிடுச்சு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியல, கம்ப்யூட்டருக்கு அது வேற வார்த்தை.

"அண்ணே, எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடலாமே?"ன்னான் தம்பி. "கூடாதுடா, 'தெளிவு' என்ன ஆகும்?"னேன். அங்கே இருக்கிறது நிஜமான 'ள'. மொத்தமா மாத்தினா அது உடைஞ்சு போகும். கௌரியா கெளிறான்னு அந்த இடத்தைப் படிச்சவனுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்து முடிச்சேன். தம்பி எனக்கு இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரை எங்கே மாத்தணும்னு காட்டினான். அதை மாத்தலேன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. எனக்கு அதுவரை தெரியாது.

முதலாளி இப்போ பழைய சி.டி.யை எல்லாம் என் மேசையில் வெச்சிருக்கார். இரண்டு அட்டைப்பெட்டி. சந்தோஷம்தான். ஆனா ஒருதடவை யூனிகோடுக்கு மாறின கோப்பு மறுபடி என்கிட்ட வரப்போறதில்லை. ஒவ்வொண்ணா முடிக்கும்போது என் தேவையையும் நானே கொஞ்சம் கொஞ்சமா முடிச்சுக்கறேன்.

அதனால ராத்திரி வீட்டுல போன்ல தமிழ்99 பழகறேன். விரல் இன்னும் பழைய இடத்துக்கே போகுது. இந்தப் பதிவு அதுல அடிச்சதுதான், பிழை இருந்தா பொறுத்துக்குங்க :-)