மதிய இடைவேளையும் ஓர் இடமாற்றக் கடிதமும்

அலுவலக வாழ்வைப் பொருளாகக் கொண்ட சிறுகதை என்றால், இலஞ்சம் வாங்கும் மேலதிகாரி ஒருவரும் வாய் திறவாத சிற்றூழியர் ஒருவரும் அதிலே கட்டாயம் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அண்மையில் எங்கள் ஊர் வாசிகசாலையின் மாதாந்தக் கூட்டத்திலே படிக்கப்பட்ட கதையொன்றில் இவ்விருவரும் இல்லை. இரண்டு உத்தியோகத்தர்கள் நாள்தோறும் மதிய இடைவேளையிலே பத்திரிகையின் குறுக்கெழுத்தைச் சேர்ந்து நிரப்புகிறார்கள். ஒருவருக்கு இடமாற்றம் வருகிறது. அவ்வளவே கதை.

“இதிலே சமுதாயம் எங்கே இருக்கிறது? இரண்டு பேர் பொழுதுபோக்கியதை எழுதினால் அது முற்போக்கு இலக்கியமாகிவிடுமா?” என்று நண்பர் ஒருவர் எழுந்து கேட்டார். கேள்வி நியாயமானது. ஆயின், அதற்கான விடை அக்கதையின் குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அன்று கூட்டத்திலே சொல்லப் போதிய நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

கதையை எழுதியவர் தாமும் ஓர் அரசாங்க உத்தியோகத்தர். தம் பாத்திரங்களுக்கு அவர் பெயரிடவில்லை. மூத்தவர், இளையவர் என்றே அழைக்கிறார். வன்னியிலுள்ள அலுவலகம் ஒன்றிலே மூத்தவர் முப்பதாண்டு வேலை பார்த்தவர். ஓய்வு பெற இன்னும் மூன்றாண்டுகள் இருக்கின்றன. முன்பு இலிகிதர் எனப்பட்டவர், இப்போது முகாமைத்துவ உதவியாளர் எனப்படுகிறார், மேசை மாறவில்லை. இளையவர் தெற்கிலிருந்து முதல் நியமனம் பெற்று வந்த சிங்கள இளைஞர். மூத்தவர் அவரை ‘மல்லி’ என்று சிங்களத்திலே அழைக்கிறார். அவர் இவரை ‘அண்ணை’ என்று யாழ்ப்பாணத் தமிழிலே அழைக்கிறார்.

இவ்விருவரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தது பரீட்சைப் பயம். 1987 இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் ஓர் அரசகரும மொழியாயிற்று. 2007 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதிக்குப் பின்னர் அரசாங்க சேவையிலே சேர்ந்தோர் மற்றைய அரசகரும மொழியிலே ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என அவ்வாண்டின் சுற்றறிக்கை ஒன்று விதித்தது. இளையவர் தமிழ்ப் பரீட்சையின் பயிற்சித் தாளோடு மல்லாடுவதை மூத்தவர் காண்கிறார். அவருடைய தகப்பனாரும் ஓர் இலிகிதர். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், சம்பள உயர்வுக்காக இரவிலே விளக்கை வைத்துக்கொண்டு சிங்கள அரிச்சுவடி எழுதியவர். இரண்டு நிர்ப்பந்தங்களும் ஒன்றல்ல: முன்னையது ஒரு மொழியை வெளியே தள்ளிய சட்டத்தின் விளைவு, பின்னையது அதனை உள்ளே அழைக்க முயன்ற விதியின் விளைவு. ஆனாலும் பரீட்சைத் தாளின் முன் குனிந்திருக்கும் முதுகு ஒன்றுபோலவே தோன்றுகிறது. மூத்தவர் பயிற்சித் தாளை மெல்ல அப்பால் நகர்த்திவிட்டு, பத்திரிகையை மடித்துக் குறுக்கெழுத்துப் பக்கத்தை முன்னே வைக்கிறார். பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட அரைமணி நேரம் அன்று முதல் அவர்களுடையதாகிறது.

தமிழ்க் குறுக்கெழுத்து ஆங்கிலக் குறுக்கெழுத்தின் நகல் அன்று. ஆங்கிலத்திலே ஒரு கட்டத்துக்கு இருபத்தாறு எழுத்துகளுள் ஒன்று. தமிழிலோ உயிர்மெய் முழுவதும் ஒரே கட்டத்துள் அமரும். புள்ளி வைத்த மெய்யும் தனிக்கட்டம் கேட்கும். ஆகவே இரண்டு சொற்கள் சந்திக்கும் கட்டம் மெய்யையும் உயிரையும் சேர்த்தே பிணைத்துவிடும். இதனாற் சொற்களைப் பின்னுவது கடினமாகிறது. வேறொரு தடையும் உண்டு. நம் மொழியிலே எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வாரா. தமிழ்ச் சொல் எதுவும் றகரத்திலோ ழகரத்திலோ ளகரத்திலோ தொடங்குவதில்லை, புள்ளியெழுத்திலும் தொடங்குவதில்லை. அத்தகைய எழுத்து ஒரு நிரலின் தலையிலே விழுந்துவிட்டால் போட்டியை அமைப்பவர் என்ன செய்வார்? சொல்லைத் தலைகீழாக வைப்பார். அல்லது எழுத்துகளை இடம் மாற்றி வைத்து, குறிப்பின் அருகே ‘குழம்பியுள்ளது’ என்று போடுவார். நம் பத்திரிகைகளைப் படிப்போர்க்கு இச்சொல் மிகவும் பழக்கமானது.

கதையின் நடுவிலே ஒரு நாட்புதிர் முழுமையாக வருகிறது. முதல் வரிசை, இடமிருந்து வலம், நான்கு கட்டங்கள்: ‘இருளின் நிறம்’. மூத்தவர் தயங்காமல் ‘கருப்பு’ என எழுதுகிறார். அதன் இரண்டாம் கட்டத்திலிருந்து மேலிருந்து கீழாக மூன்று கட்டங்கள் இறங்குகின்றன: ‘நிரப்பினாலும் மறுபடி கேட்கும், குழம்பியுள்ளது’. வயிறு என்பது மூத்தவருக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் தலைக்கட்டத்திலே இருப்பது ‘ரு’. வயிற்றுக்குள் அந்த ‘ரு’ இல்லை. அவர் வயிற்றைக் கைவிட்டு வேறு சொல் தேடத் தொடங்குகிறார்.

இளையவரோ குறிப்பின் பொருளைப் பார்க்கவில்லை. அவருக்கு அது பாதிதான் விளங்கியது. எழுத்தைப் பார்க்கிறார். “அண்ணை, எங்கட வகுப்பிலே நிறத்துக்குப் பெரிய ‘று’ எண்டுதான் சொல்லித் தந்தவை” என்கிறார். உண்மை அதுவே. நிறத்தைக் குறிக்கும்போது கறுப்பு. கருப்பு என்பதற்குப் பஞ்சம் என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. பிறந்த நாள் முதல் காதால் மொழியைக் கற்றவர் வழுக்கிய இடத்திலே, கண்ணாற் கற்றவர் நின்றுகொண்டார். ‘ரு’ அழிக்கப்பட்டு ‘று’ வருகிறது. இனி எஞ்சிய ‘வ’, ‘யி’ ஆகிய இரண்டில் எது மேலே, எது கீழே? அதைக் குறிப்புச் சொல்லாது. மூன்றாம் வரிசையிலே ‘மழை கண்டால் குரல் கொடுக்கும்’ என்றொரு சொல் குறுக்கே போகிறது. தவளை. அதன் இரண்டாம் எழுத்து ‘வ’. ஆகவே நடுக்கட்டத்துக்கு ‘யி’. மேலிருந்து கீழாக ‘றுயிவ’ என்று நிற்கிறது வயிறு. இருவரும் சிரித்துக்கொண்டு தத்தம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள்.

இந்தப் பகுதியைப் படித்தபோது கோகல் 1842 இல் வெளியிட்ட ‘மேலங்கி’ என்ற கதையின் இலிகிதர் என் நினைவுக்கு வந்தார். நாள் முழுதும் படியெழுதும் அந்த மனிதருக்குச் சில எழுத்துகள்மீது தனிப் பிரியம். அவற்றை எழுதும்போது அவர் முகமே மாறிவிடும். அவரது வறுமையைச் சொல்லுமுன் கோகல் இந்த மகிழ்ச்சியைச் சொன்னார். பின்னால் மேலங்கி பறிபோகும்போது நாம் கலங்குவது அதனாலேதான். உழைப்பவனுக்குச் சொந்தமான சிறு மகிழ்ச்சி எது என்று காட்டாமல், அவன் இழந்தது எவ்வளவு என்று காட்ட முடியாது. அரைமணி நேரக் குறுக்கெழுத்துக்கு இக்கதையிலே உள்ள வேலை இதுவே.

இளையவர் பரீட்சையிலே சித்தியெய்துகிறார். எழுத்திலும் பேச்சிலும் தேர்ச்சி. பொதுமக்கள் கொண்டுவரும் தமிழ்க் கடிதங்களுக்குத் தாமே பதில் எழுதத் தொடங்குகிறார். அதன் பின்னர் வருடாந்த இடமாற்றப் பட்டியல் வருகிறது. ஓர் இடத்திலே இருக்கவேண்டிய காலம் அவருக்கு முடிந்துவிட்டது. தமிழ் பேசுவோர் அரிதாகவே வரும் தென்கோடி அலுவலகம் ஒன்றுக்கு அவர் போகவேண்டும். அவர் இடத்துக்கு வருபவர், தமிழ் ஓர் எழுத்தும் அறியாத புதிய நியமனக்காரர். ஐந்தாண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சமுதாயம் எங்கே என்று கேட்ட நண்பருக்கு இந்த இடத்தையே நான் காட்டுவேன். இரண்டு மொழிகளுக்கு இடையே வருந்திக் கட்டிய ஒரு பாலத்தை, அதன்மேல் மக்கள் நடக்கத் தொடங்கிய வேளையிலே, ஆற்றில்லாத ஊருக்குத் தூக்கிச் சென்று வைக்கும் நிர்வாகம் இது. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. விதிகள் எல்லாம் ஒழுங்காகவே பின்பற்றப்படுகின்றன. வவுனியாவிலோ வேறெங்கோ தமிழ்க் கடிதத்தோடு நிற்கும் விவசாயிதான் மீண்டும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடவேண்டியிருக்கிறது.

“கைத்தொலைபேசியிலே படம் எடுத்து அனுப்பியிருக்கலாமே?” என்று மாணவி ஒருத்தி கூட்டத்திலே கேட்டாள். கதை அதற்கும் பதில் வைத்திருக்கிறது. முதல் இரண்டு கிழமைகள் மூத்தவர் படம் அனுப்புகிறார். அங்கே இடைவேளை நேரத்திலும் மக்கள் வரிசை குறைவதில்லை. பதில் இரவிலே வருகிறது. அதற்குள் மூத்தவர் தமக்கு முடிந்ததை நிரப்பிவிடுகிறார். மறுநாட் பத்திரிகை விடையோடு வந்துவிடுகிறது. பதில்கள் சுருங்கி, ஒரு நாள் பெருவிரலின் படம் மட்டும் வருகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது விடை அன்று; ஒரே காகிதத்தின்மேல் இரண்டு தலைகள் குனிந்திருந்த அரைமணி நேரம். அதனைத் தொலைபேசியால் அனுப்ப இயலவில்லை.

கதையின் இறுதியிலே கண்ணீர் இல்லை. ஒரு நாட்புதிரிலே நிரலின் தலைக்கட்டத்தில் ‘ழி’ வந்து விழுகிறது. குறிப்பைப் படிக்குமுன்பே, இது குழம்பியுள்ள சொல் என்று மூத்தவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பார்வை இளையவர் விட்டுச் சென்றது. அவர் அதை நிரப்பவில்லை. பத்திரிகையை மேசையின் நடுவே தள்ளி, பென்சிலை அதன்மேல் வைத்துவிட்டுத் தமது பார்சலைப் பிரிக்கிறார். எதிரே புதியவர் தொலைபேசியைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் ஒரு குறை உண்டு. ‘இடமாற்றம் வந்தது’ என்று எழுத்தாளர் எழுதுகிறார், மழை வந்தது என்பதைப்போல. பட்டியலை யாரோ தயாரித்தார்கள். அதிலே ஒருவர் ஓரிடத்திலே இருந்த ஆண்டுகளை எண்ண ஒரு நிரல் இருந்தது. அவர் கற்ற மொழி எங்கே பயன்படும் என்று பார்க்க நிரல் இருக்கவில்லை. அந்தக் கையைக் கதை காட்டியிருக்கவேண்டும் என்று கூறினேன். எழுத்தாளர் சற்று யோசித்தார். “அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவரும் என்னைப்போல ஓர் உத்தியோகத்தர்தான் ஐயா. அவருக்கும் ஒரு மதிய இடைவேளை இருந்திருக்கும்” என்றார்.

அது பதிலாகுமா என்று அன்று நாங்கள் வாதாடினோம். தட்டச்சு செய்தவரைக் குற்றஞ்சாட்ட நானும் விரும்பவில்லை. ஆனால் அவர் முன்னால் இருந்த படிவத்தை வகுத்தவர்கள் இருக்கிறார்கள். அதிலே இன்னொரு நிரல் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. அதைக் கேட்பதற்குத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு அவர் தம் அலுவலகத் தோழர் இருவரை அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.