புரோநோட்டோடு குத்தி வச்ச கடுதாசி

போன வாரம் வெள்ளையடிக்கிறதுக்காக பீரோவை நகர்த்தினோம். அடித்தட்டுல ஒரு மஞ்சப்பை. உள்ளே குறுக்கே கிழிச்ச ஒரு புரோநோட்டும், அதோட குண்டூசி குத்தி நான் 1994-ல சவுதியிலேருந்து வீட்டுக்காரிக்கு எழுதின ஒரு கடுதாசியும் இருந்துச்சு. அதைப் பத்தித்தான் இன்னைக்கு.

அறந்தாங்கிப் பக்கம் அப்போ வீட்டுக்கு ஒருத்தர் அரபு நாட்டுல இருப்போம். நானும் ஏஜெண்டுக்குக் கட்ட 25,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கினேன். பத்தாததுக்கு அவ நகையை பேங்குல வச்சேன். மூணு வட்டின்னா நூத்துக்கு மாசம் மூணு ரூபா, ஆக மாசம் 750. எண்ணூறு ரியால் சம்பளம்னு சொன்னாங்க. போனப்புறம் அறுநூறுதான். அப்போ ஒரு ரியால் எட்டு ரூபா சில்லறை. வேலை குதிரை மசால் தோட்டத்துல, ராத்திரி மோட்டார் காவல்.

முதல் ஆறு மாசம் நான் எழுதின கடுதாசியில எதுவுமே இல்லை. "நலம், நலமறிய ஆவல், மாடு சினை பிடிச்சதா" இவ்வளவுதான். காரணம் இருக்கு. கடுதாசி வந்தா அண்ணன் மகன் திண்ணையில உட்கார்ந்து சத்தமா வாசிப்பான், அம்மா, அண்ணி, பக்கத்து வீடு எல்லாம் கேட்கும். சம்பளம் குறைஞ்சதை எழுதினா அம்மா படுத்துருவாங்க. உன் நெனப்பா இருக்குன்னு எழுதினா ஊரே சிரிக்கும்.

அப்புறம் அவகிட்டேருந்தே ஒரு கடுதாசி வந்துச்சு. நாலே வரி, கோணல் மாணலா. "மாமா, கொட்டை எழுத்தில் இடம் விட்டு எழுதுங்கள். நானே படித்துக்கொள்கிறேன்." எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல 1991, 92-ல அறிவொளி இயக்கம் நடந்தப்போ, சாயங்காலம் அரிக்கேன் விளக்குல கத்துக்கிட்ட எழுத்து அது. பொம்பளைங்க சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதும் அப்பத்தான். இவ சைக்கிள்ல விழுந்ததோட சரி, எழுத்தை விடலை.

அதுக்கு நான் எழுதின பதில்தான் இந்தக் கடுதாசி. பிள்ளையார் சுழி போட்டு, ஒரு பக்கத்துக்குப் பத்து வரி, மொத்தம் ஆறு பக்கம். கொஞ்சம் அப்படியே தர்றேன்.

"சம்பளம் 600 தான். சாப்பாடு, சோப்பு போக மாசம் 3,500 ரூபாய் டிராப்ட் அனுப்புவேன். வீட்டுக்கு 1,000, வட்டி 750. மீதி 1,750-ஐ யார் கேட்டாலும் கொடுக்காதே. சில்லறையாக அசல் வாங்க மாட்டார். மூன்று மாதம் சேர்த்தால் 5,000 வரும். அதை நீயே கொண்டுபோ. நோட்டின் பின்பக்கம் 'அசல் வகையில் வரவு ரூபாய் ஐயாயிரம்' என்று தேதி போட்டு எழுதி, அவர் கையெழுத்தும் போடவேண்டும். அசல் என்ற எழுத்தைப் பார். 5,000 கழிந்தால் அடுத்த மாதம் வட்டி 600 தான்."

இதை ஏன் எழுதினேன்னா, முதல் ஐயாயிரத்தை எங்க அண்ணன்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். நோட்டுல எழுதி வாங்கலை. கடன்காரர் அதுல பாதியை முதல் மூணு மாச வட்டிக்கும், மீதியை மேல்வட்டிக்கும்னு கணக்கு சொல்லிட்டார். அசல் 25,000 அப்படியே நின்னுச்சு. நான் மூணு மாசம் ராத்திரி முழிச்ச காசு.

அடுத்த பக்கம்: "இங்கே கூட இருப்பவர்கள் வங்காளிகளும் மிசிரிகளும். மூன்று நாள் யாரிடமும் தமிழ் பேசாமல் இருந்திருக்கிறேன். மோட்டார் நின்றால் தவளைச் சத்தம்கூட இல்லை. பாப்பா முகம் சரியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. இதை யாரிடமும் சொல்லாதே. ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவேன். வந்து போர் போடுவோம். இது சத்தியம்."

ரெண்டு நாளா எழுத்துக்கூட்டிப் படிச்சாளாம். அடுத்த ஐயாயிரத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு தனியாவே போயிருக்கா. அவர் நோட்டை எடுத்து எழுதி, கையெழுத்துப் போடப் போனப்போ, "கொடுங்க, பாக்கறேன்"னு வாங்கிப் பார்த்திருக்கா. 'வட்டி வகையில்'னு இருந்திருக்கு. என் கடுதாசியைப் பிரிச்சு வச்சு, "இந்த எழுத்து இதுல இல்லையே"ன்னு கேட்டாளாம். மனுசன் ஒன்னும் பேசாம அடிச்சு மாத்தி எழுதினார். அந்த அடிச்ச இடம் நோட்டுல இன்னும் தெரியுது. அதுக்குக் கீழே இன்னும் நாலு வரவு, அஞ்சும் அசல் வகையில்.

சத்தியம்தான் நிக்கலை. கடன் அடைஞ்சாலும் நகை பேங்குல இருந்துச்சு, அதுக்கு இன்னொரு தடவை அக்ரிமெண்டு போட வேண்டியதாப் போச்சு. ரெண்டு வருஷம்னவன் வந்தது மூணே முக்கால் வருஷம் கழிச்சு. எட்டு மாசக் குழந்தையா விட்டுட்டுப் போன மக, வாசல்ல என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க"ன்னா. போர் அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் போட்டோம்.

இதையெல்லாம் நான் எழுதுறேன்னு தெரிஞ்சதும் அவ கேட்டது ஒன்னுதான். "அந்த மூணாவது பக்கத்தையும் போட்டுட்டீங்களா?"

அதைப் போடலை.